எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது
(மாதர் அணியின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் திகதி சம்பளம் வாங்கிய கையோடு நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். மடியில் இருக்கும் பணத்துக்கு ஏற்கெனவே ஐந்தாறு பேர் காத்திருப்பார்கள் என்பது எமக்குத் தெரியும். கடைக்காரர், சீட்டுப் பிடிக்கிற அக்கா, காப்புறுதி முகவர், பிள்ளையின் வங்கிப் புத்தகம். ஆகவே சுருக்கமாகப் பேச முயல்கிறோம்.

கடந்த சில மாதங்களாகப் பள்ளிக்கூட வாசலிலும் பிரட்டுக் களத்திலும் எம்மிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், வீட்டில கஷ்டமா இருக்கு. மாசா மாசம் கட்டுறத நிப்பாட்டிறட்டுமா?" சங்கத்துக்கு வந்து கேட்பது நல்லதுதான். ஆனால் இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடாது. நாம் ஒரு தடவை அப்படிச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு நட்டம் வரக் காரணமாக இருந்திருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2022ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் பேருக்கு ஆயிரம் ரூபாய். மாவின் விலையோ வாரத்துக்கு வாரம் ஏறியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி விலைவாசி ஒரே வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கூடியிருந்தது. அப்போது ஒரு அக்கா வந்து, மாதம் 1,500 ரூபாய் காப்புறுதிக்குக் கட்டுகிறோம், இனி முடியாது என்றார். ரசீதைக் காட்டினார். நாமும் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் சாப்பிட வேண்டும், முதலில் அதை நிறுத்துங்கள்" என்றோம். அந்த நேரத்தில் அது சரியாகவே பட்டது.

நாம் பார்த்தது ரசீதை மட்டும். பொலிசிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அவர் அதுவரை 34 மாதம் கட்டியிருந்தார். அந்தப் பொலிசியில், மூன்று வருடம், அதாவது 36 தவணை முழுமையாகக் கட்டினால்தான் கட்டிய பணத்துக்கு ஒரு பெறுமதி சேரும். அதற்கு முன் நிறுத்தினால் ஒன்றும் கிடையாது. இன்னும் இரண்டு தவணை, 3,000 ரூபாய், கட்டியிருக்க வேண்டும். கட்டிய 51,000 ரூபாயும் போனது. ஆறு மாதம் கழித்து அவருக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று அந்தப் பொலிசியில் இருந்த உதவியும் கிடைக்கவில்லை. அந்த அக்கா இன்றைக்கும் எம்மோடு நன்றாகத்தான் பேசுகிறார். எமக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடம்.

அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது இது. யார் வந்து கேட்டாலும், "எவ்வளவு கட்டுகிறீர்கள்?" என்று முதலில் கேட்பதில்லை. "ஒரு மாதம் கட்டாவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்கிறோம். எல்லாம் மாதக் கட்டணம்தான், எல்லாம் சேமிப்புத்தான். ஆனால் கட்டாமல் விட்டால் ஒவ்வொன்றிலும் நடப்பது வேறு.

ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். பெயரும் பிரிவும் வேண்டாம். அவர்கள் அனுமதி தந்துதான் சொல்கிறோம்.

கணவனும் மனைவியும் தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள். ஒரு பேருக்கு 1,350 ரூபாய் இருந்த காலம். ஆளுக்கு 22 பேர் விழுந்தால், சேமலாப நிதி, சந்தா, முற்பணம் எல்லாம் வெட்டிய பிறகு ஒருவர் கைக்கு 24,000 அளவில் வரும். இருவருக்கும் 48,000. வீட்டுச் செலவு 36,000. மாதச் சேமிப்பு மூன்று. பத்துப் பேர் சேர்ந்த சீட்டுக்கு 5,000. கணவன் பெயரில் காப்புறுதிக்கு 2,500. சின்ன மகளின் வங்கிக் கணக்கில் 1,500. மூத்த மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவன் தன் பங்குக்கு ஒரு யூனிட் டிரஸ்டில் மாதம் 2,000 போடுகிறான். நல்ல குடும்பம், ஒழுங்கான கணக்கு.

ஒரு மழை இரவில் லயத்துப் படிக்கட்டில் கணவன் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. நான்கு மாதம் வேலைக்குப் போக முடியாது. (மலையில் வேலை செய்யும்போது விழுந்திருந்தால் நட்டஈட்டுக்கு வழி உண்டு. அதற்கு அன்றைக்கே வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். அதைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.) ஆக, 48,000 வந்த வீட்டுக்கு இப்போது 24,000. சிக்கனம் பிடித்தாலும், கிளினிக் போகும் ஆட்டோச் செலவோடு மாதம் 34,000 வேண்டும்.

மனைவி முதலில் நினைத்தது, காப்புறுதியை நிறுத்துவது, சீட்டை விடுவது, மகளின் கணக்கை மட்டும் எப்படியாவது தொடர்வது. "புள்ள காசுல கை வைக்கக் கூடாது டீச்சர்" என்றார். மனதால் பார்த்தால் அது சரி. கணக்கால் பார்த்தால் நேர் எதிர்.

மகளின் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு மாதம் போடாவிட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. தண்டப்பணம் இல்லை. இருக்கிற பணம் அப்படியே இருக்கும், வட்டியும் சேரும். அதே நேரம் சிறுவர் கணக்கில் போட்ட பணத்தை, பெரும்பாலும் பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை எடுக்க முடியாது. அப்படியானால் கஷ்ட காலத்தில் அதில் போடும் ஒவ்வொரு ரூபாயும் நாமே பூட்டி வைக்கும் ரூபாய். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். பிள்ளை மேல் பாசம் குறைந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

இதே நிலையில் இருந்த இன்னொரு வீட்டில் பிள்ளையின் கணக்கை விடாமல் கட்டினார்கள். சமையலுக்குப் போதாமல் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 20,000 வாங்கினார்கள். மாதம் 2,000 வட்டி. நான்கு மாதத்தில் 8,000 கொடுத்தார்கள், முதல் 20,000 அப்படியே நின்றது. அந்த நான்கு மாதத்தில் பிள்ளையின் புத்தகத்தில் ஏறியது 6,000. அதற்கு வங்கி கொடுத்த வட்டியைச் சொன்னால் சிரிப்பீர்கள். வட்டிக்கு வாங்கித்தான் சேமிக்க முடியும் என்ற நிலை வந்தால் அன்றைக்கே அந்தச் சேமிப்பை நிறுத்திவிட வேண்டும், அதை நிறுத்துவதால் வேறு நட்டம் இல்லாத வரை. அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். காப்புறுதியிலும் சீட்டிலும் அதுதான் வேலை செய்கிறது.

சீட்டுக்கு வருவோம். பத்துப் பேர், ஆளுக்கு 5,000, மாதம் ஒருவருக்கு 50,000. இவர்கள் நான்கு மாதம் கட்டியிருந்தார்கள், இன்னும் எடுக்கவில்லை. சீட்டை இடையில் விட்டால் அடுத்த முறை எடுப்பவருக்கு 5,000 குறையும். அது பக்கத்து லயத்து ஆள். நம்முடைய 20,000 ரூபாயும் சீட்டு முடியும்வரை மாட்டிக்கொள்ளும். வாக்குத் தவறினார்கள் என்ற பேரும் மிஞ்சும். அடுத்த சீட்டில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

நாம் சொன்ன வழி, விட வேண்டாம், முறையை மாற்றிக் கேளுங்கள் என்பது. சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் போய் நிலைமையைச் சொல்லி, அடுத்த மாதம் எடுக்க இருந்தவரிடம் பேசி முறையை மாற்றிக்கொண்டார்கள். ஐந்தாம் மாதம் 5,000 கட்டி 50,000 எடுத்தார்கள். கையில் 45,000.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 45,000 கையில் இருக்கும்போது மனம் குளிர்ந்துவிடும். ஆனால் இன்னும் ஐந்து மாதம் 5,000 கட்ட வேண்டும். அது 25,000. அந்தப் பணம் நம்முடையது அல்ல, மற்ற ஐந்து பேருடையது. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், செலவுக்கு மிஞ்சுவது 20,000. பார்த்தீர்களா, நான்கு மாதம் நாம் கட்டியதே 20,000தான். சீட்டு நமக்கு ஒன்றையும் கூடத் தரவில்லை. நம்முடைய பணத்தை வேண்டிய நேரத்தில் வட்டி இல்லாமல் திருப்பித் தந்தது. அந்த 25,000 ரூபாயை மனைவி வீட்டில் வைக்கவில்லை. தன் பெயரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதா மாதம் 5,000 எடுத்துக் கொடுத்தார். வீட்டில் இருந்தால் கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார் என்றார். அனுபவம் பேசுகிறது.

இனிக் காப்புறுதி. 31 தவணை கட்டியிருந்தார்கள், மொத்தம் 77,500. நாம் இந்த முறை பத்திரத்தை விரித்து வைத்துப் படித்தோம். இதிலும் மூன்று வருடம் கட்டினால்தான் பெறுமதி. இன்னும் ஐந்து தவணை. கஷ்டமான நான்கு மாதத்துக்கும் கட்ட வேண்டியது 10,000. அந்த 10,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போனால் 77,500 போய்விடும். வேறு எதை நிறுத்தினாலும் இதை நிறுத்தக் கூடாது என்று சொன்னோம். பத்திரத்தின் பின்பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரூபாய். அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது. சேர்த்துவிட்ட முகவர் சொல்லியிருக்கலாம், ஆனால் அன்றைக்குக் கேட்டது இன்றைக்கு நினைவில் இருக்குமா? ஆஸ்பத்திரித் துண்டைக் கொடுத்து விண்ணப்பித்தார்கள். ஆறு வாரம் கழித்து ஒன்பது நாளுக்கு 9,000 வந்தது. முதல் மாதமே பொலிசியை விட்டிருந்தால்? கால் முறிந்தது பொலிசி உயிரோடு இருந்தபோதுதான், ஆகவே அந்தப் பணத்தைக் கேட்கலாம். ஆனால் விட்ட பொலிசியின் பத்திரத்தை யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்?

மகன் யூனிட் டிரஸ்டில் போட்ட 2,000 ரூபாயை நிறுத்தி, மேலும் 4,000 சேர்த்து மாதம் 6,000 அனுப்பினான். அது சரியான நிறுத்தம். யூனிட் டிரஸ்டில் இந்த மாதம் போடாவிட்டாலும் ஏற்கெனவே வாங்கிய அலகுகள் அவன் பெயரிலேயே இருக்கும்.

ஆக, மனைவியின் 24,000, மகனின் 6,000, மொத்தம் 30,000. செலவு 34,000, காப்புறுதி 2,500, மொத்தம் 36,500. மாதம் 6,500 துண்டு விழுகிறது. நான்கு மாதத்துக்கு 26,000. சீட்டில் வந்த 20,000, காப்புறுதியில் வந்த 9,000, இரண்டும் சேர்ந்து 29,000. வட்டிக்கு ஒரு ரூபாய்கூட வாங்காமல் நான்கு மாதம் கழிந்தது. 3,000 மிஞ்சியது. அது தீபாவளிக்குப் போனது என்று கேள்விப்பட்டோம். போகட்டும்.

காப்புறுதி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களில் அதிகமானோர் பணத்தை இழப்பது இதில்தான். தவணை நாள் தவறினால் உடனே பொலிசி செத்துவிடாது. பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டினால் ஒன்றுமே நடக்காதது போலத்தான். அதையும் தாண்டினால் பொலிசி காலாவதி. பிறகு உயிர்ப்பிக்கலாம். ஆனால் நிலுவையை வட்டியோடு கேட்பார்கள், உடல்நலம் பற்றி மறுபடி எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். இடையில் சீனி வருத்தமோ பிரஷரோ வந்திருந்தால் அங்கேதான் சிக்கும்.

மூன்று வருடம் தாண்டிய பொலிசி என்றால் கதை வேறு. உண்மையிலேயே கட்ட முடியாது என்றால், கிழித்துப் போட வேண்டியதில்லை. கம்பனிக்கு எழுதி, இனித் தவணை கட்டாமல், கட்டிய அளவுக்குக் குறைந்த தொகையோடு பொலிசியைத் தொடரச் செய்யலாம். பத்திரத்தில் இதைப் 'பெய்ட்-அப்' என்று போட்டிருப்பார்கள். பொலிசியை ஒப்படைத்துப் பணம் வாங்குவதற்குப் பெயர் 'சரண்டர்'. அவசரப்பட்டு இதைத்தான் பலர் செய்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் சரண்டர் செய்தால், கட்டியதைவிட மிகக் குறைவாகவே வரும். இரண்டில் எது எவ்வளவு என்று எழுத்தில் தரும்படி கம்பனியிடம் கேட்டு, இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். நாம் சொல்லும் மூன்று வருடம் பெரும்பாலான பொலிசிகளில் உள்ள கணக்கு. உங்கள் பத்திரத்தில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

கட்டத் தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது, இனி வருடக்கணக்கில் கட்ட வழியே தெரியவில்லை என்று ஒருவர் வந்தால், அவரிடம் நாம் நிறுத்தத்தான் சொல்வோம். ஐந்து மாதத்துப் பணம் போகும். ஆனால் போன பணத்தைக் காப்பாற்றப் போய் இன்னும் 31 மாதம் கடன் வாங்கிக் கட்டுவது அதைவிடப் பெரிய நட்டம். ஐந்தாம் மாதத்துக்கும் முப்பத்தோராம் மாதத்துக்கும் பதில் வேறு. அதனால்தான் எத்தனை தவணை கட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம்.

ஒரு முகவர் வந்து, "அக்கா, இந்தப் பழைய பொலிசிய விட்டுட்டு புதுசு ஒண்ணு போடுவோம், தவணை குறைவு" என்று சொன்னால், அன்றைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். புதியதில் மூன்று வருடக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். பழைய இரண்டரை வருடம் யார் கணக்கில்?

இனி, நிறுத்துகிறோம் என்று தெரியாமலே நிறுத்தும் ஒன்று. கஷ்டம் வந்தவுடன் சிலர் செக்ரோலில் பேர் போடுவதை விட்டுவிட்டுக் கைக்காசு வேலைக்குப் போகிறார்கள். மாலையில் பணம் கையில் வருகிறது, ஒன்றும் வெட்டுவதில்லை என்பது காரணம். ஒரு பேர் 1,350 என்றால் நம்மிடமிருந்து சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 108 ரூபாய் வெட்டுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிறது. கம்பனி அதற்கு மேல் 12 சதவீதம், 162 ரூபாய் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம், 40 ரூபாய் 50 சதம். ஆக ஒரு பேருக்கு 202 ரூபாய் 50 சதம் கம்பனியின் பணம் நம் பெயரில் சேர்கிறது. 22 பேருக்கு 4,455 ரூபாய். 108 ரூபாயைக் காப்பாற்றப் போய் அதை விடுகிறோம். சேவைக்காலம் முறிந்தால் பணிக்கொடைக் கணக்கும் பாதிக்கப்படும். கைக்காசு வேலைக்கும் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பதே சட்டம். அது கட்டப்படாத இடங்களின் விபரத்தைச் சங்கத்துக்குத் தாருங்கள், தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவோம். ஆனால் வழக்கு முடியும்வரை உங்கள் பேர் செக்ரோலில் இருப்பது உங்களுக்கு நல்லது.

கொழுந்து குறையும் மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வெயிலும், பேர் குறையும். இது விபத்து அல்ல, வருடா வருடம் வருவது. அப்போது ஒவ்வொரு வருடமும் சேமிப்பை நிறுத்த வேண்டி வந்தால், தொடங்கிய தொகைதான் பிழை. சித்திரை, வைகாசியில் கொழுந்து கொட்டும்போது 3,000 கட்ட முடியும் என்று தொடங்காதீர்கள். பெப்ரவரிச் சம்பளத்தில் எவ்வளவு முடியுமோ அதை மாதத் தொகையாக வையுங்கள். மிஞ்சுகிற மாதத்தில் மிஞ்சுவதைச் சாதாரணக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கு எடுக்கக்கூடிய கணக்காக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன மகன் 2022இலும் ஒரு தடவை யூனிட் டிரஸ்டை நிறுத்தியிருந்தான். அந்த வருடத் தொடக்கத்தில் 13,000ஐத் தாண்டியிருந்த கொழும்புப் பங்குச் சுட்டெண் சில மாதங்களில் 8,000க்குக் கீழே விழுந்தது. அவனுக்கு வேலை இருந்தது, கடன் இல்லை, வீட்டிலும் அவசரம் இல்லை. விலை விழுந்த பயத்தில் நிறுத்தினான். ஓர் அலகு 20 ரூபாயாக இருந்தபோது 2,000க்கு 100 அலகு வாங்கியவனுக்கு, 12 ரூபாய் 50 சதத்துக்கு இறங்கியபோது 160 அலகு கிடைத்திருக்கும். மலிவாக விற்ற நேரத்தில் கடையை விட்டு வெளியே வந்துவிட்டான். பங்கு எப்போது ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏறாமலும் போகலாம். இரண்டு மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்தை அதில் போடவே கூடாது. ஆனால் அந்த வருடம் அவன் நிறுத்தியதற்குக் காரணம் பத்திரிகைச் செய்தி. தகப்பன் விழுந்தபோது நிறுத்தியதற்குக் காரணம் வீட்டு அடுப்பு. அவனே இப்போது இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

நிறுத்தும்போதே மறுபடி தொடங்கும் மாதத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். அந்த வீட்டில் மகளின் வங்கிப் புத்தகத்து உறையின் மேல் "தை மாதம்" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். கணவன் வேலைக்குத் திரும்பிய முதல் மாதம் அரைப் பேரும் முழுப் பேருமாகப் பதினான்குதான் விழுந்தது. ஆகவே 1,500க்குப் பதிலாக 500 போட்டார்கள். மூன்றாம் மாதம் பழைய தொகைக்கு வந்தார்கள். காப்புறுதியின் முப்பத்தாறாவது ரசீதைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து காட்டினார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்போம். ரசீதை மட்டும் கொண்டுவராதீர்கள். பொலிசிப் பத்திரம், கடைசிச் சம்பளத் துண்டு, வங்கிப் புத்தகம், சீட்டுக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து படிப்போம். பத்திரம் தொலைந்திருந்தால், ரசீதில் இருக்கும் பொலிசி இலக்கத்தை எழுதி வாருங்கள். பிரதி கேட்டுக் கம்பனிக்கு எழுதும் கடிதத்தை அங்கேயே எழுதித் தருகிறோம்.